கீழ அடையவளஞ்சான் தெருவில் குடியிருப்போர் வாகன அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
இரா. பத்மாவதி,
கதவு எண் 47, கீழ அடையவளஞ்சான் தெரு,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மாநகராட்சி.

நாள்: 18.11.2024

பொருள்: தெருவில் குடியிருப்போருக்கு வாகன நிறுத்த அனுமதி அட்டை வழங்கக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மேற்கண்ட முகவரியில் 34 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வீடு என் மாமனார் கட்டியது. முகப்பு 14 அடி, பின்னோக்கி 110 அடி நீளம். இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்தான் எங்கள் சுவரும். திண்ணையைத் தாண்டினால் தெரு. குதிரை வண்டி வந்து நின்று ஆளை இறக்கிவிட்டுப் போன காலத்து வீடு. இதில் கார் நிறுத்த இடம் வேண்டுமென்றால் கூடத்தைத்தான் இடிக்க வேண்டும். தெருவில் பெரும்பாலான வீடுகளின் நிலை இதுதான்.

என் கணவருக்கு வயது 68. இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, டயாலிசிஸ். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனைக்கு நேரத்தில் போய்ச் சேர முடியும். திரும்பும்போது பதினொன்றாகிவிடும். போகும்போது சிரமமில்லை, அந்த நேரத்தில் தெரு காலி. திரும்பி வரும்போதுதான் பாடு. டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்குக் கால் நிலைகொள்ளாது, தலை சுற்றும். கையைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடத்துவதே பெரும்பாடு.

கடந்த அக்டோபர் 5, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. வெளியூர் வேன் ஒன்று எங்கள் திண்ணைக்கு ஒட்டியே நின்றிருந்தது. ஓட்டுநர் உள்ளே நல்ல உறக்கத்தில். கண்ணாடியைத் தட்டியதும் எழுந்து, "அம்மா, சாமி கும்பிடப் போனவங்க வரணும், சாவி அவங்ககிட்ட" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தெரு முனையில் காரை நிறுத்தி, என் மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தாங்கிக் கூட்டி வந்தோம். வரும் வழியில் மூன்று திண்ணைகளில் உட்கார வைத்து எழுப்பினோம்.

காரை எங்கே விடுகிறோம் என்று கேட்பீர்கள். மூலத்தோப்பில் ஒரு கொட்டகை, மாத வாடகை 1,500 ரூபாய். காரை அங்கே விட்டுவிட்டு மகன் நடந்து வருகிறான். வாடகை எங்களுக்குப் பெரிதல்ல. ஆனால் இரவில் திடீரென்று மூச்சுத் திணறினால் கார் அங்கே இருக்கிறது, அவர் இங்கே இருக்கிறார்.

கோயிலுக்கு வருகிறவர்களை வராதே என்று நான் சொல்லவில்லை. அரங்கன் இருக்கும் ஊரில் குடியிருந்துகொண்டு அப்படிச் சொன்னால் எடுபடுமா? மார்கழியில் யாரோ ஒருவருடைய டயரைச் சுற்றிக் கோலம் போட்டுப் பழகியவள்தான் நான். வாசலில் "வண்டி நிறுத்தாதீர்" என்று பெயிண்டில் எழுதியும் பார்த்தேன். எழுத்துக்கு முன்னாலேயே நிறுத்துகிறார்கள். எழுதியது நான்தானே, யார் மதிப்பார்கள்? மாநகராட்சி ஒட்டிய அட்டை என்றால் மதிப்பார்கள்.

கடந்த மாதம் மூன்று நாள் மாலையில் எங்கள் பகுதியை எண்ணிப் பார்த்தேன். தெற்கு முனையிலிருந்து குறுக்குச் சந்து வரை 38 வீடுகள், குடியிருப்போரின் கார் 11. கிழக்குப் பக்கம் மட்டும் ஒரே வரிசையாக விட்டால் 16 கார் நிற்கும். போகவர வழி அடைபடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 117-இன்படி மாநில அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசித்து வாகனங்கள் நிற்கும் இடங்களைத் தீர்மானிக்கலாம். டெல்லியிலும் 2019-இல் அறிவிக்கப்பட்ட வாகன நிறுத்துமிட விதிகளில் குடியிருப்புப் பகுதிகளுக்கென ஏற்பாடு உண்டு. போக்குவரத்துக் காவல் துறையோடு பேசி, ஒரு தெருவில் சோதனையாகத் தொடங்கிப் பார்க்கலாம்.

ஆகவே, கிழக்கு வரிசையில் கோடு போட்டு, குடியிருப்போருக்கு வீட்டுக்கு ஒரு அட்டை வீதம் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். என் வாசல்தான் வேண்டும் என்று கேட்கவில்லை. பத்து வீடு தள்ளிக் கிடைத்தாலும் போதும். கட்டணம் விதித்தால் கட்டுவேன். சொந்தக் கொட்டகை உள்ளவர்களுக்கு அட்டை தர வேண்டாம். திருவிழா நாட்களில் தாங்கள் சொல்லும் நேரத்துக்குள் காரை எடுத்துவிடுவோம். எல்லோருக்கும் இப்போதே முடியாதென்றால், டயாலிசிஸ் நோயாளி உள்ள வீடு என்ற வகையில் எனக்கு மட்டும் தற்காலிகமாகவாவது தாருங்கள். வைகுண்ட ஏகாதசி ஜனவரி 10-இல் வருகிறது. அதற்கு முன் முடிவு தெரிந்தால் நல்லது.

நேரில் பார்வையிட வருவதாக இருந்தால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள். நாங்கள் திரும்பி வரும் நேரம் அது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. பத்மாவதி

இணைப்பு: சொத்து வரி ரசீது நகல், கார் பதிவுச் சான்று நகல், மருத்துவச் சான்று, தெருவின் கைவரைபடம், அண்டை வீட்டார் 22 பேர் கையெழுத்து.