ஒன்று ஐம்பது

7ஆம் படுக்கைக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். மறுநாள் காலை குடலிறக்க அறுவை சிகிச்சை. அதற்காக 5 நாளாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதால் பல வருடமாகச் சாப்பிடும் மாத்திரை அது.

இரவு 1:50க்கு மல்லிகா பிபி பார்க்கப் போனபோதும் விழித்துத்தான் இருந்தார்.

"எவ்வளவு சிஸ்டர்?"

"மேலே 138 சார்."

"இன்னும் ஒண்ணு ஏறியிருந்தா பகா எண். மயிரிழையில போச்சு."

2:35க்கு அவர் பெல் அடித்தார். புதிதாகச் சேர்ந்த கவிதா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தூக்கக் கலக்கம்க்கா. குடையைக் குறைக்கச் சொல்றாரு."

மல்லிகா எழுந்துவிட்டாள். நடு இரவில் பகா எண் பார்க்கிற மனிதருக்கு என்ன தூக்கக் கலக்கம்?

அவர் இடது கையால் மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தார். "குடை... குடையைக் குறைங்க." குரலில் குழறல் அதிகம் இல்லை, கேட்கிற தோரணைகூட வழக்கமானதுதான். சொல்தான் இடம் மாறியிருந்தது. தப்பாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். எரிச்சலோடு தலையை ஆட்டிக்கொண்டார்.

"உங்க பேர் சொல்லுங்க சார்."

"பெட்டி." கொஞ்சம் யோசித்து, "இல்ல... பெட்டி."

பக்கத்தில் படுத்திருந்த அவர் மனைவி எழுந்து உட்கார்ந்தார். "எப்பவாவது தூக்கத்துல உளறுவாரும்மா. ரெண்டு வாய் தண்ணி குடிச்சா சரியாயிடும்." டம்ளர் கைக்கு வந்துவிட்டது.

"தண்ணி வேண்டாம்மா. விழுங்க முடியுதான்னு பார்க்காம எதுவும் கொடுக்கக் கூடாது, புரையேறிடும்."

சிரிக்கச் சொன்னாள். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. தானே சிரித்துக் காட்டினாள். அவரும் சிரித்தார், வாயின் வலது ஓரம் மட்டும் வரவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். அவரும் தூக்கினார். வலது உள்ளங்கை மெல்ல உள்பக்கம் திரும்பி, கை தானாகக் கீழே இறங்கியது.

பேச்சும் வலது பக்கமும் சேர்ந்து போனால் பெரும்பாலும் மூளையின் இடது பக்கம். ஒழுங்கில்லாத துடிப்பு, நிறுத்தி வைத்த மாத்திரை... இதயத்தில் ரத்தம் கட்டி மேலே போயிருக்கலாம்.

"கவிதா, சுகர் பாரு. அப்புறம் சிடிக்குச் சொல்லு, ஸ்ட்ரோக்னு சொல்லியே கூப்பிடு."

டியூட்டி டாக்டரின் குரலில் தூக்கம் இருந்தது. "ராத்திரிக்குத் தூக்க மாத்திரை எழுதியிருந்தோமே சிஸ்டர், அதா இருக்கும்."

"அவர் வேண்டாம்னுட்டார் டாக்டர், கொடுக்கலை. சுகர் 118. பேச்சு மாறியிருக்கு, வாய் கோணுது, வலது கை நிக்கலை."

ஒரு நொடி பதில் இல்லை. "வரேன். நீங்க சிடிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் இரண்டு கையிலும் ஊசி போட்டு, உறைதல் பரிசோதனைக்கு ரத்தமும் எடுத்தாகிவிட்டது. ஆஸ்பிரின் பற்றிக் கவிதா கேட்டாள். ரத்தக் கசிவா அடைப்பா என்று படம் பார்க்காமல் தொடக்கூடாது என்றாள் மல்லிகா, தள்ளுவண்டியோடு ஓடிக்கொண்டே.

சிடி அறையில் படிவத்தில் 'ஆரம்பித்த நேரம் 2:35' என்று எழுதியிருந்தார்கள். மல்லிகா பேனாவை வாங்கி அடித்தாள்.

"2:35 நாம கண்டுபிடிச்ச நேரம். நல்லா இருந்ததை நான் கடைசியா பார்த்தது 1:50."

"முக்கால் மணி நேரம்தானே சிஸ்டர்..."

"உறைவைக் கரைக்கிற ஊசிக்கு மொத்தமே நாலரை மணி நேரம்தான். எண்ண ஆரம்பிக்கிறது 1:50லேர்ந்து."

படத்தில் ரத்தக் கசிவு இல்லை. உறைதல் பரிசோதனையில் ஐஎன்ஆர் 1.1, மாத்திரையின் வேலை நின்றிருந்தது. மாத்திரையை நிறுத்தியதால்தான் அடைத்தது, நிறுத்தியதால்தான் ஊசியும் போட முடிந்தது. பிபி 172/96, ஊசிக்கு எல்லையான 185/110க்குக் கீழே இருந்தது. மருந்தின் அளவைக் கணக்கிட எடை 68 கிலோ. 3:28க்கு உறைவைக் கரைக்கிற ஆல்டிபிளேஸ் ஏறத் தொடங்கியது: பத்தில் ஒரு பங்கு ஒரே நிமிடத்தில், மீதி ஒரு மணி நேரத்தில். ஏறத் தொடங்கியதிலிருந்தே 15 நிமிடத்துக்கு ஒரு முறை பிபியும் கை கால் வலிமையும் பார்க்க வேண்டும்.

5 மணிக்கு வலது கை தூக்கியபடி 10 நொடி நின்றது. பேச்சு இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. டாக்டர் பேனாவைக் காட்டிக் கேட்டதற்கு, "எழுது... எழுதுற..." என்று பாதி வரை வந்தார்.

வெளியே அவர் மனைவி மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையில ஆபரேஷன் எத்தனை மணிக்கும்மா?"

"அது இப்போதைக்கு இல்லைம்மா. டாக்டர் வந்து விவரமா சொல்லுவார். நீங்க உட்காருங்க."

வார்டில் 6 மணி மாத்திரைகள் அப்படியே இருந்தன. 4ஆம் படுக்கை பெல் அடித்துக்கொண்டிருந்தது.