வாடகைக்கு இருக்கும் நான்கு வீட்டாருக்கும்: உங்கள் பொருட்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நம் வேளச்சேரி வீட்டுக்கு நான் எடுத்திருக்கும் பாலிசியை இந்த வாரம் புதுப்பித்தேன். "ஓனர்தான் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறாரே" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அது கட்டடத்துக்கு மட்டும்தான். சுவர், தளம், கதவு, ஜன்னல், நான் போட்டுக்கொடுத்த வயரிங், இவைதான் அதில் வரும். உங்கள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், டிவி, லேப்டாப், பிள்ளைகளின் புத்தகம் எதற்கும் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது, மாடித் தொட்டி உடைந்து தண்ணீர் உள்ளே இறங்கினாலும் சரி, 2015-லும் 2023 மிக்ஜாமிலும் இந்தப் பகுதியில் ஏறியதுபோல் வெள்ளம் ஏறினாலும் சரி. தரைத்தளத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசியைப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். தீ, வெள்ளம், புயல், தொட்டி உடைவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் பூட்டை உடைத்துத் திருடுவது தானாக வராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். நகையும் அப்படித்தான். அப்புறம், கீழே நிற்கும் வண்டிகள் எந்த வீட்டு பாலிசியிலும் வராது; வண்டிக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது.

பொருட்களைப் போட்டோ எடுத்து, பில்லோடு மெயிலில் போட்டுவையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். வாடகை ஒப்பந்த நகல் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அன்றைக்கே அனுப்புகிறேன்.