கேழ்வரகுக் களி, ஆறு படங்கள்: பிராம்ப்ட் தொகுப்பு

பாலக்கோட்டில் மகளிர் குழு ஒன்று விற்கும் அரைக் கிலோ கேழ்வரகு மாவுப் பொட்டலத்தின் பின்பக்கத்துக்கு இந்த ஆறு படங்கள். படம் வரையும் AI கருவிக்குக் கொடுக்க வேண்டிய விவரிப்புகளே, அதாவது பிராம்ப்ட்களே, கீழே இருப்பவை. பொட்டலத்தை வாங்கப்போகிறவர்கள் சிறுவயது முதல் களி தின்றவர்கள். களியைப் பொன்னிற லட்டாகவோ சாக்லேட் கேக்காகவோ காட்டினால் அவர்கள் சிரித்துவிட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆகவே களி களியாகவே தெரிய வேண்டும். படத்துக்குப் படம் மாற வேண்டியது மாவும் களியும் கைவேலையும் மட்டும்தான்.

கீழேயுள்ள நிலைப் பத்தியை ஒவ்வொரு பிராம்ப்டின் தலையிலும் எழுத்து மாறாமல் ஒட்டவும். “முன்பு சொன்ன கிண்ணம்” என்று சுருக்க வேண்டாம். ஒவ்வொரு படமும் புதிதாகத் தொடங்குவதால் முந்தையதை நம்பியிருக்க முடியாது. முதல் படம் சரியாக வந்ததும் அதையே மற்ற ஐந்துக்கும் மாதிரிப் படமாக இணைக்கவும். படம் எந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து உருவாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணையும் மாற்றாமல் வைக்கலாம். ஆனால் பிராம்ப்ட் மாறும்போது சீட் எண் மட்டும் கையையும் கிண்ணத்தையும் காப்பாற்றாது.

நிலைப் பத்தி

“பென்சில் கோடும் நீர்வண்ணமும் கலந்த ஓவியம், வெளிறிய தாள் பின்னணி, நிற்கும் செவ்வகம், அகலம் 3 உயரம் 4. சமைப்பவரின் கண்ணிலிருந்து சற்றே கீழ்நோக்கிய பார்வை. தருமபுரிக் கிராமத்து வீட்டுச் சமையலறை: சுண்ணாம்பு அடித்த சுவர், படத்தின் குறுக்கே கருங்கல் மேடை. இடது ஓரத்தில் மரக்கம்பி வைத்த சிறிய சன்னல், அதன் வெளியே புளியமரக் கிளை, காலை வெயில் இடமிருந்து வலமாக. மேடையின் இடப்பாதியில் மண்ணால் மெழுகிய விறகு அடுப்பு, அதன்மேல் அடிப்புறம் கரிபிடித்த அலுமினியக் குண்டான். சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு மூங்கில் முறம், அதன் கீழே பலகையில் ஒரு பித்தளைச் சொம்பும் ஒரு பழுப்பு உப்பு ஜாடியும். மேடையின் வலப்பாதியில் நீல விளிம்புள்ள வெள்ளை எனாமல் கிண்ணம், இரண்டு கையளவு அகலம், விளிம்பில் வலது கீழ்ப்பக்கம் நெல்மணி அளவுக்கு எனாமல் உதிர்ந்த கறுப்புப் புள்ளி. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் இரண்டு கைகள் படத்தின் கீழ் விளிம்பிலிருந்து உள்ளே வருகின்றன: கருமையான மாநிறம், புடைத்த நரம்புகள், ஒட்ட வெட்டிய நகங்கள், ஒவ்வொரு மணிக்கட்டிலும் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள், இடது மணிக்கட்டில் கூடுதலாக ஒரு சிவப்புக் கயிறு, இடது ஆள்காட்டி விரல் முட்டியில் வெளிறிய பழைய சூட்டுத் தழும்பு. படத்தின் மேல் ஓரத்தில் எழுத்துக்காக வெறுமையான பட்டை.”

சிவப்புக் கயிறு அழகுக்காக வைத்ததல்ல. இடது கையும் வலது கையும் இடம் மாறிவிட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். எழுத்துகளைப் படத்திலேயே போடச் சொல்ல வேண்டாம், தமிழ் எழுத்து சிதைந்து வரலாம். ஒவ்வொரு பிராம்ப்டுக்கும் கீழே தந்த அடிவரியைப் பின்னர் நாமே மேல் பட்டையில் கோர்க்கலாம்.

படம் 1

“கிண்ணத்தில் முக்கால் அளவு கேழ்வரகு மாவு: சாம்பல் கலந்த இளம் பழுப்பு, ஊடே நுண்ணிய கரும்புள்ளிகள், மேற்பரப்பு மங்கலானது. இடது கை கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டிருக்கிறது, வலது கை ஒரு பிடி மாவை அள்ளி விரலிடுக்கில் உதிர்க்கிறது. கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் அரிசி நொய். குண்டானில் தண்ணீர், இன்னும் ஆவி இல்லை.”

அடிவரி: ஒரு டம்ளர் மாவு, கால் டம்ளர் நொய், மூன்று டம்ளர் தண்ணீர், உப்பு.

படம் 2

“டம்ளர் காலியாக இருக்கிறது. குண்டானில் கொதிக்கும் நீரில் வெந்து மலர்ந்த வெள்ளை நொய், மேலே வெண்ணிற ஆவி. இரண்டு கைகளும் கிண்ணத்தைப் பிடித்துக் குண்டானின் மேல் சாய்க்கின்றன, மாவு ஒரே ஓடையாக நடுவில் விழுந்து குவிகிறது. விளிம்பின் கறுப்புப் புள்ளி பார்ப்பவர் பக்கம் தெரிகிறது. மேடையில் கிண்ணம் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் மேடையில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு கிண்ணங்கள் வர வாய்ப்பு அதிகம்.

அடிவரி: நொய் வெந்ததும் மாவைக் குவியலாகக் கொட்டவும். கிளற வேண்டாம்.

படம் 3

“குண்டானின் நடுவில் மேடு போல மாவு, அதைச் சுற்றிக் கொதிநீர். வலது கை நீண்ட மரக் களிக்கோலை நேராகப் பிடித்து மேட்டின் நடுவில் குழி செய்திருக்கிறது, அந்தக் குழி வழியாக நுரை பொங்கி வழிகிறது. மாவின் ஓரம் நனைந்து கருத்திருக்கிறது, உச்சி இன்னும் காய்ந்த இளம் பழுப்பு. இடது கை அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுக்கிறது, தீ சிறியது. காலியான கிண்ணம் வலப்பாதியில் பழைய இடத்தில், உள்ளே மாவுப் பூச்சு.”

களி தெரிந்தவர்கள் உற்றுப்பார்ப்பது இந்தப் படத்தைத்தான். குழியில்லாத மேடு வந்தால் தயங்காமல் மறுபடி எடுக்கவும். மேட்டுக்குள்ளிருக்கும் மாவு வேகக் கொதிநீர் நடுவிலிருந்து ஏற வேண்டும், இல்லையெனில் உள்ளே பச்சை மாவு நின்றுவிடும்.

அடிவரி: நடுவில் குழி செய்து, தீயைக் குறைத்து, மூடி வேகவிடவும்.

படம் 4

“குண்டானில் ஒன்றாகத் திரண்ட அடர்பழுப்புக் களி, ஈரப் பளபளப்பு, ஊடே வெந்த நொய்யின் வெண்புள்ளிகள். இடது கை இரும்பு இடுக்கியால் குண்டானின் விளிம்பைக் கவ்விப் பிடித்திருக்கிறது. வலது கை களிக்கோலால் களியைக் குண்டானின் பக்கச் சுவரோடு அழுத்துகிறது, முன்கை இறுகியிருக்கிறது. கிண்ணம் கழுவி, பழைய இடத்தில், உள்ளே தண்ணீர்த் துளிகள்.”

அடிவரி: கட்டி உடையும்வரை அழுத்திக் கிளறவும்.

படம் 5

“குண்டான் இப்போது பாதி காலி. நனைத்த கிண்ணத்துக்குள் ஆரஞ்சுப் பழ அளவில் ஒரே ஒரு களி உருண்டை: அடர்பழுப்பு, வழவழப்பான ஈர மேற்பரப்பு, சற்றே தட்டையான அடி, மேலே ஆவி. இடது கை கிண்ணத்தைச் சாய்த்துப் பிடிக்கிறது, சிவப்புக் கயிறு தெரிகிறது. நனைந்த வலது உள்ளங்கை உருண்டையைக் கிண்ணத்தின் சுவரில் உருட்டுகிறது, ஐந்து விரல்களும் தனித்தனியே தெரிகின்றன, கட்டைவிரல் படத்தின் இடப்பக்கம் நோக்கி. கறுப்புப் புள்ளி வலது கீழ்ப்பக்கம்.”

உருட்டும்போது கிண்ணம் சுழலும், புள்ளியும் சுழல வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான். ஆனால் புள்ளி நகர்ந்தால் பொட்டலத்தில் அது வேறு கிண்ணமாகத் தெரியும், அங்கேயே இருக்கட்டும்.

அடிவரி: கையையும் கிண்ணத்தையும் நனைத்துக்கொண்டு சூடாகவே உருட்டவும்.

படம் 6

“அடுப்பில் தணல் மட்டும். கிண்ணத்தில் அதே களி உருண்டை, நடுவில் கட்டைவிரலால் அழுத்திய பள்ளம், பள்ளத்திலும் சுற்றிலும் அடர்பச்சைக் கீரைக் கடைசல். இடது கை கிண்ணத்தை அணைத்திருக்கிறது, வலது கை களியின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளிக் கீரையில் தோய்க்கிறது. ஒரு கிண்ணம், ஒரு உருண்டை, இரண்டு கைகள், மேடையின் வலப்பாதியில் வேறு பாத்திரமில்லை.”

அடிவரி: கீரைக் கடைசலோடு சூடாகச் சாப்பிடவும்.

திருத்தப் பிராம்ப்ட், வலது கை கெட்டுப்போன படத்துக்கு (கெட்ட பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து)

“தேர்ந்தெடுத்த பகுதியில் ஒரு வலது கை, நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும், கட்டைவிரல் படத்தின் இடப்பக்கம் நோக்கி, ஒட்ட வெட்டிய நகங்கள், இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள், மாநிறமும் வெளிச்சமும் மாதிரிப் படத்தில் உள்ளபடி. கிண்ணம், களி, மேடை மூன்றும் இப்போது இருப்பதுபோலவே.”