பருவ முடிவு மீள்பார்வை விளையாட்டு வகுப்பு: 6ஆம் வகுப்பு அறிவியல், இரண்டாம் பருவம்

கோத்தகிரி. வியாழக்கிழமை, காலை 11.00 முதல் 12.20 வரை, இரண்டு பாடவேளை சேர்த்து. 28 பிள்ளைகள்.

டீச்சர், வெள்ளிக்கிழமை 'ஆ' பிரிவுக்கு நீங்கள் எடுப்பதால் என் திட்டத்தை முழுவதும் எழுதி வைத்திருக்கிறேன். போன பருவ முடிவில் நான் நடத்திய வினாடி வினாவில் கூரை பறக்கும் அளவுக்குச் சத்தம். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் பதில் சொன்னது ஐந்தாறு பேர், மற்றவர்கள் கைதட்டியவர்கள் என்று தெரிந்தது. அதனால் இந்த முறை ஒரே ஒரு விதி: ஒவ்வொரு விளையாட்டிலும் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக, பக்கத்தில் பார்க்காமல், பதில் காட்டும் ஒரு கணம் இருக்க வேண்டும். ஓடுவதும் கத்துவதும் அதற்கு அப்புறம்தான்.

நோட்டுகளைப் பார்த்ததில் நான்கு குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வெப்பமும் வெப்பநிலையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். சர்க்கரை 'உருகுகிறது' என்று எழுதுகிறார்கள். தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் படத்தில் மட்டும் தெரிகிறது, கேள்வியில் தெரிவதில்லை. காற்றில் ஆக்சிஜன்தான் அதிகம் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். இன்றைய வகுப்பு இந்த நான்கைத்தான் தேடுகிறது. மற்றதை வீட்டில் படித்துக்கொள்ளட்டும்.

வேண்டியவை

ஒன்றாம் வகுப்பிலிருந்து 28 சிலேட்டு, பல்பம். தைல மரத்தடியில் பொறுக்கிய காய்கள் 40. முதல் நாளே பிள்ளைகளை அனுப்பினால் பை நிறையக் கொண்டு வருவார்கள். ஃபிளாஸ்கில் ஒரே அளவு ஐஸ் கட்டி இரண்டு, சிறிய பிளாஸ்டிக் உறை இரண்டு, எவர்சில்வர் தட்டு ஒன்று, ஒரு கம்பளி ஸ்வெட்டர். இரண்டு டார்ச் செல், இரண்டு சின்ன பல்ப், ஒயர். பெயர்ச் சீட்டுகள் போட்ட டப்பா.

11.00 – ஐஸ் கட்டிக்கு ஸ்வெட்டர்

பனியில் கை தேய்த்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். நேரே வெயில் விழும் திண்ணைக்கு அழைத்துப் போங்கள். இரண்டு ஐஸ் கட்டிகளையும் தனித்தனி உறையில் போட்டு, ஒன்றை ஸ்வெட்டரில் நன்றாகச் சுற்றி, இரண்டையும் ஒரே தட்டில் வையுங்கள். கேள்வி: "எது முதலில் உருகும்? சுற்றியதா, ஸ்வெட்டர் இல்லாததா? சிலேட்டில் சு அல்லது இ என்று எழுது. நான் மூன்று சொன்னதும் காட்டு."

பெரும்பாலும் 'சு' வரும். ஸ்வெட்டர் சூடு தரும் என்பது அவர்கள் உடம்பே சொல்லிக்கொடுத்த பாடம். எத்தனை சு, எத்தனை இ என்று பலகையில் எழுதி விடுங்கள். விடை சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். அந்தத் தட்டு கடைசி வரை திண்ணையிலேயே இருக்கட்டும். நடுநடுவே எட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

பிறகு ஏழு பேர் கொண்ட நான்கு அணிகள்: தொட்டபெட்டா, கோடநாடு, கேத்தரின், ரங்கசாமி. அணியில் யார் பேச வேண்டும் என்பதைச் சீட்டு முடிவு செய்யும். சரியான பதிலுக்கு ஒரு மதிப்பெண், சரியான காரணத்துக்கு மூன்று. வீட்டில் படுகு பேசும் பிள்ளைகள் காரணத்தை முதலில் படுகில் அணிக்குச் சொல்லிவிட்டுத் தமிழில் சொல்லலாம். நேரம் கொடுங்கள்.

11.10 – திரும்புமா, திரும்பாதா?

மைதானத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் மீள் மாற்றம், வலப்பக்கம் மீளா மாற்றம். நான் ஒரு மாற்றத்தைச் சொல்வேன். எல்லாரும் சிலேட்டில் மீ அல்லது மீளா என்று எழுதி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். விசில் அடித்ததும் அவரவர் பக்கத்துக்கு ஓட்டம். சிலேட்டில் எழுதியதும் நிற்கும் பக்கமும் வேறாக இருந்தால் அணிக்கு மதிப்பெண் இல்லை. கூட்டத்தைப் பார்த்து ஓடுவதை இது நிறுத்திவிடும்.

சொல்ல வேண்டியவை, இந்த வரிசையில்:

புல்லில் படிந்த உறைபனி வெயிலில் நீராவது. (மீள்)
விறகு எரிந்து சாம்பலாவது. (மீளா)
தகரக் கூரை துருப்பிடிப்பது. (மீளா)
தைல இலையைக் காய்ச்சும்போது வரும் ஆவி குளிர்ந்து திரவமாவது. (மீள்)
சுடுதண்ணீரில் சர்க்கரை கரைவது. (மீள்)
தொழிற்சாலையில் அரைத்த கொழுந்து பச்சை மாறிச் செம்பழுப்பாவது. (மீளா)
மெழுகுதிரி.

கொழுந்து வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்க்கிறார்கள். கொழுந்து நசுங்கியதும் அதன் சாறு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால்தான் அந்த நிறமும் மணமும் வருகின்றன. "ஏன் திரும்ப பச்சையாகாது?" என்று கேளுங்கள். 'புதுப் பொருள் உண்டாகிவிட்டது' என்ற சொல் ஏதாவது ஒரு வாயிலிருந்து வர வேண்டும். வரும் வரை நீங்கள் சொல்லாதீர்கள்.

சர்க்கரைக்கு இன்னொரு கேள்வி சேருங்கள்: "உருகியதா, கரைந்ததா?" சிலேட்டில் ஒரு சொல். உருக ஒரு பொருள் போதும், கரைய இரண்டு வேண்டும்: இதை ஒரு பிள்ளை தன் வாயால் சொன்னால் போதும்.

மெழுகுதிரி வேண்டுமென்றே கடைசியில். உருகும் மெழுகு மீள், எரியும் மெழுகு மீளா. கூட்டம் இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். இரண்டு பக்கத்திலும் சீட்டு எடுத்து ஒவ்வொருவரைப் பேச விடுங்கள். கோட்டின் மேலேயே நிற்கும் பிள்ளை ஒன்று இருந்தால் அதற்கு ஐந்து மதிப்பெண்.

11.30 – காய் ஓடும் சுற்று

இன்றைக்கு அதிக நேரம் இதற்குத்தான்.

எல்லாரும் பெரிய வட்டமாக நிற்கட்டும். ஒருவர் செல், இருவர் பல்ப், மற்றவர்கள் ஒயர். தொடங்கும் முன்பே *எல்லாருடைய* கையிலும் ஒரு தைலக் காய் இருக்க வேண்டும். செல்லிடம் மட்டும் காய்களைக் கொடுத்தால், மின்சாரம் செல்லிலிருந்து கிளம்பி நடந்து வந்து பல்பைச் சேர்கிறது என்று நினைத்துவிடுவார்கள். ஒயருக்குள் மின்னூட்டம் ஏற்கெனவே இருக்கிறது, செல் அதைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். நான் கைதட்டும்போதெல்லாம் எல்லாரும் ஒரே நேரத்தில் காயை வலப்பக்கம் கொடுக்க வேண்டும். பல்ப் கையில் காய் மாறும்போதெல்லாம் பல்ப் குதிக்கும். தட்டும் வேகத்தைக் கூட்டுங்கள், குளிரெல்லாம் போய்விடும்.

நல்ல வேகத்தில் போகும்போது ஒரு பல்பின் தோளைத் தொட்டு "ஃபியூஸ்" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை உட்காரும். பக்கத்திலிருப்பவர் காயை யாரிடம் கொடுப்பார்? முழு வட்டமும் அப்படியே நின்றுவிடும். அந்த அமைதியில் கேளுங்கள்: "இன்னொரு பல்ப் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் எரியவில்லை?"

அடுத்து பக்க இணைப்பு. செல்லிலிருந்து கொஞ்ச தூரம் ஒரே வரிசை, அப்புறம் இரண்டு கிளை, கிளைக்கு ஒரு பல்ப், மறுபடி ஒரே வரிசை. பிரியும் இடத்தில் நிற்பவர் ஒரு காயை இடக் கிளைக்கும் அடுத்ததை வலக் கிளைக்கும் கொடுப்பார். ஒரு பல்ப் ஃபியூஸ் ஆனால் அந்தக் கிளை நிற்கும், மற்றது ஓடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு கிளை நின்றதும் எல்லாக் காய்களும் மற்ற கிளையில் போவதால் அந்தப் பல்ப் இரண்டு மடங்கு குதிக்கும். நிஜத்தில் அப்படி இல்லை. மிஞ்சிய பல்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட மாறாது, செல்லிலிருந்து வரும் மொத்த மின்னோட்டம்தான் குறைகிறது. இதை வாயால் திருத்தினால் நிற்காது. உடனே உள்ளே கூட்டிப் போய், ஜன்னல் பக்கம் வெளிச்சம் குறைவாக உள்ள மேசையில், நிஜ பல்ப் இரண்டைப் பக்க இணைப்பில் எரிய வைத்து ஒன்றைக் கழற்றிக் காட்டுங்கள். விளையாட்டு எங்கே சரியாக இருந்தது, எங்கே தவறியது என்று அவர்களே சொல்லட்டும். சொல்லும் அணிக்கு ஐந்து.

கடைசியில் தனியாக, சத்தமில்லாமல், சிலேட்டில்: "நம் வகுப்பில் ஒரு பல்ப் போனாலும் மற்றது எரிகிறது. எந்த இணைப்பு? படம் வரை." சுற்றி வந்து பாருங்கள். சொல் சரி, படம் தவறு என்றால் அந்தப் பெயரை உங்கள் நோட்டில் குறியுங்கள்.

11.58 – பத்து விரல் காற்று

ஐந்து நிமிடம். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். "உன் பத்து விரல்தான் காற்று. நைட்ரஜன் எத்தனை விரல்?" எட்டு (78%). "ஆக்சிஜன்?" இரண்டு (21%). "மீதி எல்லாம் சேர்ந்து?" ஒரு விரல்கூட இல்லை, நகத்தின் ஓரம். தவறாக விரல் நீட்டியவர்கள் யார் என்று உங்களுக்கு மட்டும் தெரியும். கண்ணைத் திறக்கச் சொல்லி அதே கேள்விகளைக் கத்திச் சொல்ல வையுங்கள்.

12.03 – தட்டைத் திற

போகும் வழியில் சீட்டுக் கேள்வி ஒன்று: "மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் மலை ரயில் பாதை. தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளி எப்போது அதிகமாக இருக்கும்? டிசம்பர் விடியற்காலையிலா, ஏப்ரல் மதியத்திலா?" குளிரில் இரும்பு சுருங்கும், இடைவெளி அதிகமாகும்.

திண்ணையில் ஸ்வெட்டரைப் பிரிக்கும் வேலையை 'சு' எழுதிய ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். உள்ளே கட்டி பெரிதாக இருக்கும், வெளியே இருந்தது சிறுத்தோ தண்ணீராகவோ இருக்கும். "ஸ்வெட்டர் சூடு தந்ததா?" இல்லை. வெளி வெப்பம் உள்ளே வருவதை மெதுவாக்கியது. நம் உடம்பில் அதே ஸ்வெட்டர் உள்ளிருக்கும் வெப்பம் வெளியே போவதை மெதுவாக்குகிறது. மறுபடி ஓட்டு எடுத்துப் பலகையிலுள்ள எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

12.10 – வெளியேறும் சீட்டு

உட்கார்ந்து, தனியாக, மதிப்பெண் கிடையாது. அரைத் தாளில்:

1. ஒரு குண்டான் நிறையக் கொதிக்கும் நீர், ஒரு டம்ளர் கொதிக்கும் நீர். எதில் வெப்பநிலை அதிகம்? எதில் வெப்ப ஆற்றல் அதிகம்?
2. ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைக்கிறார்கள். ஏன்?
3. உப்பு தண்ணீரில் உருகியதா, கரைந்ததா? உப்பைத் திரும்ப எப்படி எடுப்பாய்?
4. இரண்டு பல்ப், ஒரு செல். ஒன்று போனால் இன்னொன்றும் அணைய வேண்டும். படம் வரை.
5. உனக்கு இன்னும் புரியாத ஒன்றை எழுது.

முதல் கேள்விக்கு 'இரண்டிலும் ஒன்றே, குண்டானில்' என்று வர வேண்டும். இரண்டுக்கும் 'குண்டான்' என்று எழுதியவருக்கு முதல் குழப்பம் அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் 'மரத்தூள் குளிர்ச்சி தரும்' என்று வந்தால், ஸ்வெட்டரைப் பார்த்தது மனதில் ஏறவில்லை. நான்காவதில் பக்க இணைப்பு வரைந்தவர்கள் கேள்வியைப் படிக்காமல் கடைசியாகப் பார்த்ததை வரைந்தவர்கள். அவர்களிடம் வாயால் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் சரியாகச் சொல்வார்கள்.

மாலையில் கேள்விவாரியாக எண்ணுங்கள். ஒரு கேள்வியில் எட்டுப் பேருக்கு மேல் தவறு என்றால் திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அதை எல்லாருக்கும் மறுபடி எடுக்கிறேன். அதற்குக் குறைவென்றால் மதிய உணவுக்குப் பின் அந்தப் பிள்ளைகளோடு மட்டும் பத்து நிமிடம். ஐந்தாவது கேள்வியின் பதில்களைத் தனியாக ஒரு உறையில் போட்டு வைக்கிறேன். நீங்களும் உங்கள் பிரிவினுடையதைக் கொடுங்கள், இரண்டையும் சனிக்கிழமை சேர்த்துப் படிப்போம்.