மாரடைப்புக்குப் பின் முதல் 48 மணி நேரம்: பாடக் குறிப்பு

செவிலியர் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. இராமநாதபுரம். ஒரு மணி நேரம்.

தொடக்கம்: இந்தத் தாளைப் பார்த்துப் பேச வேண்டும் (15 நிமிடம்)

தங்கச்சிமடம் மீனவர், வயது 56, எடை 60 கிலோ. முன்சுவர் மாரடைப்பு, ஸ்ட்ரெப்டோகைனேஸ் முடிந்துவிட்டது.

இரவு 10: நாடி 84, அழுத்தம் 124/80, அந்த மணியின் சிறுநீர் 45 மி.லி.
12: நாடி 96, 112/78, 30 மி.லி.
2: நாடி 112, 98/76, 15 மி.லி.

கேள்வி: டாக்டரை எப்போது கூப்பிடுவீர்கள்? பெரும்பாலும் "2 மணிக்கு" என்பார்கள். 12 மணிக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். அப்போதைய எண்கள் தனித்தனியாகப் பார்த்தால் பயமில்லாதவை; ஆனால் நாடி ஏறுகிறது, அழுத்தம் இறங்குகிறது, மேல் கீழ் அழுத்தங்களின் இடைவெளி 44-லிருந்து 34 ஆகிவிட்டது. இருதயம் தளர்கிறது. முந்தைய மணியோடு ஒப்பிடாமல் எழுதும் சார்ட்டால் நோயாளிக்குப் பயனில்லை.

அதிர்ச்சி நிலையின் மற்ற அடையாளங்கள்: கை கால் சில்லிடுதல், வியர்வை, காரணமில்லாத பதற்றம் அல்லது குழப்பம், மணிக்கு 30 மி.லி.க்குக் குறைந்த சிறுநீர். மேல் அழுத்தம் 90-க்குக் கீழே போகும்வரை காத்திருக்கக் கூடாது.

துடிப்புக் கோளாறு (15 நிமிடம்)

வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் அபாயம் முதல் சில மணி நேரத்தில்தான் மிக அதிகம். மானிட்டரைக் கழற்றாதீர்கள், அலாரத்தை அணைக்காதீர்கள். கோடு தாறுமாறானால் முதலில் நோயாளியைப் பாருங்கள்: பேச்சில்லை, நாடியில்லை என்றால் உடனே உதவிக்குக் குரல், மார்பழுத்தம், ஷாக். பொட்டாசியம் அறிக்கை வந்ததா என்று கேட்பதும் உங்கள் வேலை.

கீழ்ச்சுவர் மாரடைப்பில் நாடி மந்தமாகலாம், ஹார்ட் பிளாக் வரலாம். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நைட்ரேட் அழுத்தத்தைச் சரித்துவிடும்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் (10 நிமிடம்)

ஏறும்போது அழுத்தம் குறையலாம்: சொட்டை நிறுத்தி டாக்டரை அழைக்கவும். பிறகு ஈறு, ஊசி போட்ட இடம், சிறுநீர், மலம் எல்லாவற்றிலும் இரத்தம் பார்க்கவும். தசை ஊசி வேண்டாம். திடீர்த் தலைவலி, வாந்தி, பேச்சுக் குளறல், மயக்கம் வந்தால் மூளை இரத்தக்கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 90-ஆம் நிமிடம் ஈ.சி.ஜி.: எஸ்.டி. உயர்வு பாதிகூட இறங்காவிட்டால் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மதுரை தூரம், தாமதமின்றிச் சொல்லுங்கள்.

கேட்கும் விதம் (10 நிமிடம்)

கடலுக்குப் போகிறவர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். "வலிக்குதா?" என்றால் "இல்ல தாயி, வாயுதான்" என்பார்கள். "நேத்து வந்த மாதிரியே இருக்குதாய்யா? தாடை, தோள், கை ஏதாவது கனக்குதா?" என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பு மட்டும் வரலாம். படுக்க முடியவில்லை, தலையணை கேட்கிறார் என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று ஸ்டெத் வைத்துக் கேளுங்கள். புதிதாக முர்மர் கேட்டால் வால்வுத் தசையோ இடைச்சுவரோ கிழிந்திருக்கலாம், உடனே அழைக்கவும். ஆக்சிஜன் செறிவு 90-க்குக் கீழானால்தான் ஆக்சிஜன்.

செய்முறை (10 நிமிடம்)

டிஃபிப்ரிலேட்டரை ஒவ்வொருவரும் சார்ஜ் ஏற்றிக் காட்ட வேண்டும். "எல்லாரும் விலகுங்க" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பொத்தான்.