வேப்பமரத்தடிப் பூக்கள்

சங்கரன்கோவிலில் பங்குனி வெயில் காலை எட்டு மணிக்கே ஓட்டுக்கூரையில் ஏறி உட்கார்ந்துவிடும். வளவில் எங்களுக்கு ஒற்றை அறையும் ஒட்டுத் திண்ணையும்தான். கோமதி விடிவதற்கு முன் பூச்சந்தைக்குப் போய் ஒன்றரைக் கிலோ பிச்சியரும்பு வாங்கி வருவாள். மத்தியானம் வரை வாழைநாரில் கட்டுவாள். நான்கு மணிக்குக் கூடையோடு கோயில் பக்கம் போய் உட்கார்ந்தால், திரும்ப ஒன்பது ஆகிவிடும்.

முகூர்த்த நாளில் கூடை காலியாக வரும். மற்ற நாளில் பத்து முழமாவது மீந்துவிடும். அதை ஈரத்துணியில் சுற்றி மண்பானைக்குள் வைப்பாள். காலையில் பிரித்தால் விரிந்து, ஓரமெல்லாம் பழுத்துப் போயிருக்கும். அதை அள்ளிக்கொண்டு போய் வாசல் வேப்பமரத்தடியில் கொட்டுவாள். கொட்டும்போது ஒன்றும் சொல்லமாட்டாள். கல்யாணமான இரண்டு வருடத்தில் என் மனத்தை அதிகம் அறுத்தது அந்த மௌனம்தான்.

நான் விசைத்தறி ஓட்டுகிறேன். சனிக்கிழமை கூலி. அதில் மாதம் 500 ரூபாயை ஒரு குலுக்கல் சீட்டில் போட்டு வந்தோம். இருபது பேர், இருபது மாதம். பதினான்காவது மாதம் என் பெயர் விழுந்து 10,000 ரூபாய் கைக்கு வந்தது. சத்துமாவு டப்பாவில் கோமதி சேர்த்தது 3,050.

"இந்தப் பணத்தில் உனக்கு ஒரு கம்மல் எடுக்கலாமே" என்றேன்.

"ஃபிரிட்ஜ் வாங்குவோம்" என்றாள். அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

முதலில் பழைய ஃபிரிட்ஜ்தான் பார்த்தோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் 5,500 சொன்னார். கேஸ் புதிதாக ஏற்றியிருக்கிறதாம். மிச்சப் பணம் கையில் நிற்குமே என்று எனக்கு ஆசை. கோமதி கதவைத் திறந்து, ஒரு நோட்டுத் தாளை இடையில் வைத்து மூடி, மெதுவாக இழுத்தாள். தாள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"ரப்பர் பிடிக்கவில்லை. குளிர் வெளியே போகும், மோட்டார் நிற்காமல் ஓடும். அந்த கரண்டை யார் கட்டுவது?" என்றாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று கேட்டேன். பூ வாங்க வரும் ஓர் அக்கா சொல்லிக்கொடுத்தாராம்.

கரண்டுதான் பெரிய விஷயம். வளவு முழுவதற்கும் ஒரே மீட்டர். வீட்டுக்கார ஆச்சி வாடகையோடு சேர்த்து கரண்டுக்கு மாதம் 200 ரூபாய் வாங்குவார். ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, அவ்வளவுதான் எங்கள் செலவு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகையும் அந்த ஒரு மீட்டரோடு முடிந்துவிடுகிறது. ஃபிரிட்ஜ் என்றதுமே ஆச்சி, "மாதம் 300 சேர்த்துக் கொடுங்கள்" என்றுவிட்டார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒரு பொருளை வாங்குவதற்கு முன் இன்னொருவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கடைக்குப் போனோம். ஒற்றைக் கதவு, 190 லிட்டர், இரண்டு நட்சத்திரம், விலை 14,300. கடைப்பையன் காய்கறித் தட்டையும் ஐஸ் பெட்டியையும் காட்டிக்கொண்டிருந்தான். கோமதியின் கண் கதவில் ஒட்டியிருந்த நட்சத்திரச் சீட்டிலேயே இருந்தது. அதில் ஒரு வருடத்துக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று அச்சிட்டிருந்தார்கள். 160.

"இதை என் செல்போனில் படம் எடுத்துத் தாருங்கள்" என்றாள் என்னிடம்.

விலை பேசியதும் அவள்தான். அண்ணாச்சி 13,600 வரை இறங்கி வந்தார். அதற்குக் கீழே அசையவில்லை. தவணை போட்டுத் தருகிறேன் என்றார். கடன் வேண்டாம் என்று கோமதி தலையாட்டினாள். எங்களிடம் 13,050. குறைவது 550, கொண்டுபோய் இறக்க லோடு ஆட்டோவுக்கு 200.

எனக்கு முகம் வேர்த்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை வரலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கோமதி கூடையிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். எல்லாம் பத்து ரூபாய் நாணயங்கள். பூ வாங்குகிறவர்கள் அவளிடம் தள்ளிவிட்டுப் போனவை. மளிகைக் கடையில் வாங்கமாட்டார்கள், பஸ்ஸிலும் முகம் சுளிப்பார்கள். செல்லாத காசு என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு. அவள் மட்டும் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

"அம்மா, இது இங்கே யாரும் வாங்குவதில்லையே" என்றார் அண்ணாச்சி.

"செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, அண்ணாச்சி. நீங்கள் வங்கியில் கட்டினால் வாங்கிக்கொள்வார்கள். எண்ணிப் பாருங்கள், சரியாக 75 இருக்கிறது."

ஆக, அவள் வீட்டிலிருந்தே எண்ணிக் கொண்டுவந்திருக்கிறாள். ஆட்டோக் கூலி வரைக்கும்! அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பத்துப் பத்தாக அடுக்கினார். பில்லில் வரி மட்டும் 2,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. கோமதி அதை இரண்டு தடவை வாசித்து, மடித்து, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் ஃபிரிட்ஜைப் படுக்கவைக்கக் கூடாது. நான் பின்னால் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். வளவுப் பிள்ளைகள் எல்லாம் கூடவே ஓடி வந்தார்கள். இறக்கியதும் கோமதி நேராக ஆச்சியிடம் போய் செல்போனைக் காட்டினாள்.

"ஆச்சி, வருடத்துக்கு 160 யூனிட். யூனிட்டுக்கு 9 ரூபாய் வைத்தாலும் 1,440. மாதத்துக்கு 120தான் வருகிறது. நான் 150 தருகிறேன். தினமும் ஒரு முழம் பூவும் தருகிறேன்."

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை வெகுநேரம் பார்த்தார். "பூ வேண்டாம், வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கொடு" என்றார்.

மூன்று மணி நேரம் அசையாமல் நிறுத்திவைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டோம். மெல்ல ஒரு முனகல் கேட்டது. பகலெல்லாம் தறிச் சத்தத்தில் இருக்கும் என் காதுக்கு அது கேட்டதே ஆச்சரியம்.

மறுநாளிலிருந்து கோமதி பாதிப் பூவை மட்டும் கூடையில் கொண்டுபோனாள். மீதியை வாழையிலையில் சுற்றி, அடித்தட்டில் வைத்தாள். விற்றுத் தீர்ந்தால் ஆறு மணிக்கு நான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். தீராவிட்டால் அது அரும்பாகவே மறுநாளுக்கு நிற்கும்.

நான்காம் நாள் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை. தறியும் ஓடாது, கூலியும் கிடையாது. உள்ளே இருபது முழம் இருந்தது. தண்ணீர் எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, "கரண்ட் வரும்வரை கதவைத் தொடக் கூடாது" என்றாள். இருவரும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். ஒருவர் மாற்றி ஒருவர் விசிறிக்கொண்டோம். அரைநாள் முழுக்க அவளோடு சும்மா உட்கார்ந்திருந்தது எனக்கு அன்றுதான் வாய்த்தது. மூன்றரைக்கு அவளே எழுந்து கதவைத் திறந்தாள். இலையைப் பிரித்து விரலால் தொட்டுப் பார்த்தாள். என் கன்னத்தில் அந்த விரலை வைத்தாள். சில்லென்றிருந்தது. ஓர் அரும்புகூட வாய் திறக்கவில்லை.

அவள் கூடையோடு கிளம்பும்போது எனக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன். மோரில் பிச்சி மணந்தது.

"ஐயோ, பாத்திரத்தை மூடிவைக்கவில்லையே! கொட்டிவிடுங்கள்" என்றாள்.

நான் கொட்டவில்லை. குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன்.