வினிகரில் அசிட்டிக் அமில அளவு: முடிவுகள் மீதான விவாதம்

கடையில் வாங்கிய செயற்கை வினிகரில் 100 மி.லி.க்கு 3.90 கிராம் அசிட்டிக் அமிலம் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறோம். பாட்டில் லேபிளில் 4 சதவீதம் என்று போட்டிருக்கிறது. ஐந்து முறை தரம்பார்த்தாலும் இந்த 3.90 வந்தது இரண்டு அளவீடுகளிலிருந்து மட்டும்தான். மற்ற மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 4.00 வருகிறது, லேபிளோடு அப்படியே பொருந்துகிறது. அந்த அழகான எண்ணை விட்டுவிட்டு 3.90-ஐ ஏன் எடுத்தோம் என்பதை முதலில் விளக்க வேண்டும்.

ஒவ்வொரு அளவீடும், நீர்த்த வினிகரில் சேர்த்த பினாப்தலீன் நிறங்காட்டி இளஞ்சிவப்பாக மாறும்வரை ப்யூரெட்டிலிருந்து விட்ட சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் அளவு. அட்டவணை 2-இல் உள்ள ஐந்து அளவீடுகள், எடுத்த வரிசையில்: 14.2, 13.6, 13.2, 13.7, 13.3 மி.லி. மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் இடையே முழு 1.0 மி.லி. வித்தியாசம். ஐந்தின் சராசரி 13.60, திட்ட விலக்கம் 0.39 மி.லி. ஒத்த அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் இருக்க வேண்டும் என்ற விதியின்படி பார்த்தால் 13.2-உம் 13.3-உம் ஒத்துப்போகின்றன. 13.6-உம் 13.7-உம் கூட ஒத்துப்போகின்றன! ஆகவே எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஜோடி சரி என்று தீர்மானிக்க முடியாது. குடுவையில் தெரிந்த நிறத்தைப் பற்றிய குறிப்புதான் இங்கே உதவுகிறது.

ஒவ்வொரு முறையும் ப்யூரெட்டைப் படிப்பதற்கு முன்பே நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதினோம். முதல் அளவீட்டுக்கு எதிரே 'அடர் இளஞ்சிவப்பு, தோராயம்' என்று இருக்கிறது. நான்காவதுக்கு 'அடர் நிறம், குழாய்த் திருகு இறுகி ஒரேயடியாகத் திறந்தது'. மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் 'வெளிர், 30 விநாடி நின்றது'. இரண்டாவதுக்கு வெறும் 'இளஞ்சிவப்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நிறத்தை முதலில் எழுதியதால், சிறிய எண்ணாக வந்ததைப் பார்த்துவிட்டு 'இது வெளிர்தான்' என்று முடிவுசெய்ய வாய்ப்பில்லை. 13.2, 13.3 இரண்டும் ஐந்தில் மிகச் சிறியவை என்பதால் இந்தச் சந்தேகம் யாருக்கும் வரும், வரவும் வேண்டும்.

வெளிர் நிறம் நிலைக்கும் முடிவுநிலையைத் தாண்டினால் பிழை எப்போதும் ஒரே திசையில்தான் போகும். தேவைக்கு மேல் சோடியம் ஹைட்ராக்சைடு விழுகிறது, அளவீடு கூடுகிறது, கணக்கில் அமிலம் உண்மையைவிட அதிகமாகத் தெரிகிறது. இப்படிப்பட்ட பிழை சராசரி எடுத்தால் கரைந்துபோகாது. சில அளவீடுகள் மேலே, சில கீழே என்று சிதறியிருந்தால் ஐந்தின் சராசரி உதவியிருக்கும். இங்கே விலகியவை எல்லாமே மேலேதான் இருக்கின்றன. 4.00 என்ற விடை, உண்மை அளவோடு மிகையாக விழுந்த காரத்தையும் கலந்து வந்தது. லேபிளோடு பொருந்துவது அந்த விடையைச் சரியாக்காது. முதல் அளவீட்டை மட்டும் எடுத்தால் 4.18 வருகிறது, மூன்றாவதை மட்டும் எடுத்தால் 3.88. இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு சராசரி 4-இல் விழுந்தது தற்செயல்.

எடுத்துக்கொண்ட இரண்டின் சராசரி 13.25 மி.லி. ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு தரப்படுத்திய காரத்தின் செறிவு 0.0980 M. வினிகரை 10 மடங்கு நீர்க்க வைத்து, அதில் 20 மி.லி. எடுத்தோம். அசிட்டிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் 1:1 விகிதத்தில் வினைபுரிவதால்:

0.0980 × 13.25 ÷ 20.00 = 0.0649 M
0.0649 × 10 = 0.649 M
0.649 × 60.05 = 39.0 கிராம்/லிட்டர்

அதாவது 100 மி.லி.க்கு 3.90 கிராம்.

தாண்டிப்போனது ஏன் இவ்வளவு சுலபமாக நடந்தது என்பதற்கு pH மாற்றத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம். அசிட்டிக் அமிலத்தின் pKa 4.76. சமான நிலையில் குடுவையில் சோடியம் அசிட்டேட் சுமார் 0.039 M செறிவில் இருக்கும். அசிட்டேட் நீராற்பகுப்பு அடைவதால் அங்கே pH 7 இல்லை, ஏறத்தாழ 8.7. அதற்கு ஒரு சொட்டு (0.05 மி.லி.) முன்பு pH சுமார் 7.2, ஒரு சொட்டு பின்பு சுமார் 10.2. பினாப்தலீன் நிறம் மாறும் எல்லை ஏறக்குறைய 8.2 முதல் 10 வரை. அப்படியானால் நிறமே இல்லாத நிலையிலிருந்து முழு நிறம் வரை எல்லாமே இரண்டு சொட்டுக்குள் முடிந்துவிடுகிறது. இந்த அமிலத்துக்கு பினாப்தலீன் சரியான நிறங்காட்டி என்பதற்கும் இதுவே காரணம். 3.1 முதல் 4.4 வரை மாறும் மெத்தில் ஆரஞ்சைப் பயன்படுத்தியிருந்தால் தாங்கல் பகுதியிலேயே, அமிலத்தில் பெரும்பகுதி மிச்சமிருக்கும்போதே நிறம் மாறியிருக்கும்.

அடர் நிறத்தைப் பார்த்து 'இத்தனை சொட்டு கூடியிருக்கும்' என்று ஊகித்து அளவீட்டில் கழித்துவிடலாமே என்று முதலில் பேசிக்கொண்டோம். மேலே உள்ள கணக்கு அந்த வழியை அடைத்துவிட்டது. ஒரு சொட்டு கூடினாலே pH 10-ஐத் தாண்டுகிறது, நிறம் ஏறக்குறைய முழுமையாகிவிடுகிறது. முதல் அளவீட்டில் சுமார் 0.95 மி.லி., அதாவது 19 சொட்டு அளவுக்குக் கூடியிருக்கிறது. அப்போது pH சுமார் 11.4. ஆனால் இரண்டு சொட்டு கூடிய குடுவைக்கும் 19 சொட்டு கூடிய குடுவைக்கும் நிறத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் மிகக் குறைவு. அடர் நிறம் தாண்டிவிட்டோம் என்று மட்டும் சொல்லும், எவ்வளவு தாண்டினோம் என்று சொல்லாது. அதனால் எந்த அளவீட்டையும் திருத்தவில்லை. கழித்துத் திருத்தியிருந்தால் அது நாங்களே உருவாக்கிய எண்ணாக ஆகியிருக்கும்.

விலக்குவதற்குப் புள்ளியியல் சோதனை ஏதாவது துணை நிற்கிறதா என்று க்யூ சோதனையும் செய்து பார்த்தோம். 14.2-க்கும் அதற்கு அடுத்த 13.7-க்கும் இடைவெளி 0.5, மொத்த வீச்சு 1.0, ஆகவே மதிப்பு 0.50. ஐந்து அளவீடுகளுக்கு 90 சதவீத நம்பிக்கை அளவில் எல்லை மதிப்பு 0.642. இந்தச் சோதனைப்படி 14.2-ஐ விலக்க முடியாது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் க்யூ சோதனை எண்களின் இடைவெளியை மட்டுமே பார்க்கிறது, குடுவையில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. மற்ற அளவீடுகளில் சிலவும் தாண்டியவை என்பதால் வீச்சே பெரிதாகிவிட்டது, அதற்குள் 14.2 மறைந்துகொள்கிறது. முதல் அளவீட்டையும் நான்காவதையும் விலக்கியதற்கு எங்களிடம் உள்ள ஆதாரம் அந்த நேரத்தில் எழுதிய குறிப்பு. அது போதுமானது என்றே கருதுகிறோம்.

இரண்டாவது அளவீடு (13.6) அப்படித் தெளிவானதல்ல. 'இளஞ்சிவப்பு' என்ற குறிப்பு இரண்டு பக்கமும் போகும். ஏற்றுக்கொண்ட சராசரியைவிட 0.35 மி.லி. அதிகமாக இருப்பதால் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் அது எண்ணைப் பார்த்துச் சொல்லும் காரணம். அதையும் சேர்த்து மூன்றின் சராசரி எடுத்தால் 13.37 மி.லி., விடை 3.93. ஆக இந்த ஒரு முடிவு விடையை 0.03 அளவுக்குத்தான் நகர்த்துகிறது. நாங்கள் 3.90-ஐத் தருகிறோம். 3.93 என்று எழுதுபவரைத் தவறு என்று சொல்ல மாட்டோம்.

சரி, இந்தச் சிதறலுக்கு வேறு காரணம் இருக்கலாமா? கண்ணாடிக் கருவிகளின் அளவுப் பிழையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பி வகுப்பு 20 மி.லி. பிப்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 0.06 மி.லி., 50 மி.லி. ப்யூரெட்டுக்கு 0.1 மி.லி. ஆனால் ஐந்து முறையும் அதே பிப்பெட், அதே ப்யூரெட். கருவியில் பிழை இருந்தால் ஐந்தும் ஒன்றாக நகரும், ஒன்றை விட்டு ஒன்று விலகாது. காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியிருந்தால், பினாப்தலீன் முடிவுநிலையில் கார்பனேட் பைகார்பனேட் வரை மட்டுமே வினைபுரியும் என்பதால் காரத்தின் பயனுள்ள செறிவு குறைந்து அளவீடு கூடும். அதுவும் நேரம் போகப் போகப் படிப்படியாக ஏற வேண்டும். எங்கள் அளவீடுகளோ இறங்கி, ஏறி, மறுபடி இறங்குகின்றன. ப்யூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருந்து நடுவில் வெளியேறியிருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் நுனியைப் பார்த்ததாகக் குறிப்பில் இல்லை. ஆனால் குமிழி அளவீட்டைக் கூட்டுமே தவிர நிறத்தை அடர்த்தியாக்காது. அளவீடு கூடிய 1, 4 இரண்டிலும் நிறமும் அடர்ந்திருந்தது தாண்டியதையே காட்டுகிறது.

கார்பன் டை ஆக்சைடு இன்னொரு வழியிலும் குறுக்கிடுகிறது. வெளிர் நிறம் வந்த பிறகு குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் காற்றிலிருந்து அது கரைந்து நிறம் மங்கும். அதைப் பார்த்து 'இன்னும் வரவில்லை' என்று மேலும் காரம் சேர்க்கத் தோன்றும். இரண்டாவது அளவீட்டில் இதுதான் நடந்திருக்கலாம். 30 விநாடி விதியை நாங்கள் கறாராகப் பின்பற்றத் தொடங்கியது மூன்றாவதிலிருந்துதான்.

ஏற்றுக்கொண்ட விடையின் நிச்சயமின்மையைப் பொறுத்தவரை: 13.25-இல் 0.1 மி.லி. என்பது 0.75 சதவீதம். காரத்தைத் தரப்படுத்தியபோது வந்த 20.4 மி.லி. அளவீட்டில் 0.1 என்பது 0.5 சதவீதம். இரண்டு பிப்பெட்டுகளுக்கும் நீர்க்க வைத்த குடுவைக்கும் சேர்த்து இன்னொரு 0.5 சதவீதம் வைத்தோம். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 1 சதவீதம், அதாவது 3.90 ± 0.04. இரண்டே அளவீடுகளை நம்பி நிற்பதால் இதைக் குறைந்தபட்ச மதிப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். லேபிளின் 4 என்பது 4.00 என்று பொருளாகாது. 3.90-ஐ முழு எண்ணாக்கினாலும் 4 தான் வரும். இந்திய உணவுத் தர விதிகள் செயற்கை வினிகருக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவு 3.75 சதவீதம். எங்கள் விடை அதற்கு மேலேயே இருக்கிறது. அதனால் தயாரிப்பாளர் குறைத்து ஊற்றினார் என்று இந்த முடிவிலிருந்து சொல்ல இடமில்லை.

மறுபடி செய்யும்போது தோராய அளவீட்டை வைத்து 12.5 மி.லி. வரை வேகமாக விட்டு, அதன் பிறகு சொட்டுச் சொட்டாகவும், கடைசியில் நுனியில் தொங்கும் அரைச் சொட்டைக் குடுவைச் சுவரில் தொட்டுக் காய்ச்சி வடித்த நீரால் கழுவியும் சேர்க்க வேண்டும். வெள்ளை ஓட்டின் மீது, முன்பு சரியாக வந்த வெளிர் நிறக் குடுவையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நிறம் பற்றிய கருத்துவேறுபாடு குறையும். திருகை முன்கூட்டியே கழற்றித் துடைத்து லேசாக வாஸ்லின் தடவ வேண்டும். 10 மி.லி.க்குப் பதில் 20 மி.லி. வினிகரை 100 மி.லி. ஆக்கினால் அளவீடு சுமார் 26.5 மி.லி. ஆகும், ஒரு சொட்டுப் பிழையின் பங்கு பாதியாகும். அப்படியும் தாண்டிவிட்டால் அந்தக் குடுவையைக் கொட்ட வேண்டியதில்லை. அதே நீர்த்த வினிகரில் துல்லியமாக 1.00 மி.லி. சேர்த்து, நிறம் போனதும் மீண்டும் மெதுவாகத் தரம்பார்த்து, மொத்தம் 21.00 மி.லி. என்று கணக்கிடலாம். நிறம் போகாவிட்டால் இன்னொரு 1.00 மி.லி. சேர்க்கலாம். இந்த முறையில் இரண்டு வெளிர் அளவீடுகள் கூடுதலாகக் கிடைத்தாலே, 13.6 எந்தப் பக்கம் சேரும் என்பது தெரிந்துவிடும்.